78 இலக்கத்துக்கு 925 இலக்கம் ஈடு

78 இலக்கம் கொண்ட ஓர் எண்ணை இந்தப் பக்கத்தில் அச்சடித்தால் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். 925 இலக்கம் கொண்ட எண் பத்தியில் பாதியை விழுங்கிவிடும். முதலாவது எலிப்டிக் வளைவு முறையில் புழங்கும் 256 பிட் சாவியின் அளவு. இரண்டாவது ஆர்.எஸ்.ஏ. முறையில் புழங்கும் 3072 பிட் சாவியின் அளவு. இரண்டையும் உடைக்க ஆகும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறது, அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்டிருக்கும் அட்டவணை. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் செய்தி பூட்டப்படுவதற்கு முன்பு இரண்டு போன்களும் ஒரு பொது ரகசியத்துக்கு வருகின்றன அல்லவா, அதற்குப் பயன்படுவது இந்தச் சின்னச் சாவி வகைதான்.

சாவி நீண்டால் பலம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே வகைப் பூட்டுக்குள் ஒப்பிடும்போது மட்டுமே அது உண்மை. பூட்டு மாறினால் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது: இந்தப் பூட்டை உடைக்க இதுவரை மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் சிறந்தது எது? ஆர்.எஸ்.ஏ.வைத் தாக்க மிகச் சாமர்த்தியமான ஒரு குறுக்குவழி இருக்கிறது. எலிப்டிக் வளைவின் மேல் அந்தக் குறுக்குவழி செல்லுபடியாகவில்லை. நீள வித்தியாசம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. எனவே முதலில் அந்தக் குறுக்குவழியைப் பார்த்துவிடுவோம்.

1649 உடையும் விதம்

ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் என்ற மூவர் 1977-ல் உருவாக்கியது ஆர்.எஸ்.ஏ. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பெருக்கற்பலனை ஊரறிய வெளியிட்டுவிடலாம். அந்தப் பகா எண்கள் எவை என்பது மட்டும் ரகசியம். பெருக்குவது நொடி வேலை. பெருக்கியதைப் பிரிப்பது பெரும்பாடு.

அதே ஆண்டு ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, பிரித்துக் காட்டுபவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். அன்று தெரிந்த வழிகளில் அதைப் பிரிக்கக் கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். 1994-ல் சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியாகத் தங்கள் கணினிகளை ஒன்றுசேர்த்து, எட்டு மாதத்தில் அதைப் பிரித்துவிட்டார்கள். கணினிகள் வேகமானது ஒரு காரணம். வழிமுறை மாறியதுதான் பெரிய காரணம்.

அந்த வழிமுறையை ஒரு குட்டி எண்ணில் செய்து பார்க்கலாம். 1649-ஐப் பிரிக்க வேண்டும். 2, 3, 5, 7 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது பழைய முறை. புதிய முறை அதன் காரணிகளை நேரடியாகத் தேடுவதே இல்லை. 1649-ஐவிடச் சற்றே பெரிய வர்க்கங்களை எடுத்து, அவற்றிலிருந்து 1649-ஐக் கழிக்கிறது.

```
41 × 41 = 1681    மீதி  32 = 2·2·2·2·2
42 × 42 = 1764    மீதி 115 = 5·23
43 × 43 = 1849    மீதி 200 = 2·2·2·5·5
```

நடுவில் இருப்பதில் 23 என்ற கொஞ்சம் பெரிய பகா எண் வந்துவிட்டது, அதை ஒதுக்கிவிடலாம். 32, 200 இரண்டும் 2, 5 என்ற சிறிய பகா எண்களால் மட்டுமே ஆனவை. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே வர்க்கம் இல்லை. ஆனால் இரண்டையும் பெருக்கினால் 6400 வருகிறது. அது 80-ன் வர்க்கம்.

இப்போது இடப்பக்கத்தையும் பெருக்குவோம். 41 × 43 = 1763. இதிலிருந்து 1649 போக மீதி 114. ஆக, 1649-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் 114-ன் வர்க்கமும் 80-ன் வர்க்கமும் ஒன்றே. அப்படியென்றால் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை 1649 மீதியின்றி வகுக்கும். அந்த வித்தியாசம் (114 − 80) × (114 + 80), அதாவது 34 × 194. இனி 34-க்கும் 1649-க்கும் பொதுவான பெரிய காரணியைக் கண்டுபிடித்தால் போதும். அது பள்ளிக்கூடக் கணக்கு. விடை 17. 1649 = 17 × 97. பூட்டு திறந்துவிட்டது.

இந்தக் கணக்கு எதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது என்று கவனியுங்கள். பெரிய எண் ஒன்றைத் தாக்க, அதனோடு தொடர்புடைய மீதிகளை எடுத்துச் சிறிய பகா எண்களாக உடைத்தோம். உடைந்தவற்றைப் பொருத்தி ஒரு வர்க்கத்தைக் கட்டினோம். மீதி எத்தனை பெரிதாக இருந்தாலும் சல்லடை போட்டுச் சலித்தால், சிறிய பகா எண்களால் மட்டுமே ஆன சில எப்படியும் சிக்கும். இன்று இருப்பவற்றில் சிறந்ததான ‘எண் களச் சல்லடை’ இதே கருத்தின் பலமடங்கு நுணுக்கமான வடிவம். 2020 பிப்ரவரியில் 250 இலக்க ஆர்.எஸ்.ஏ. எண் ஒன்று அதற்கு இரையானது. ஒரே ஒரு பிராசசர் கோர் தனியாகச் செய்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலை அது. ஆயிரக்கணக்கான கோர்கள் பகிர்ந்துகொண்டதால் மாதக் கணக்கில் முடிந்தது.

சல்லடையின் தன்மை என்னவென்றால், எண் நீள நீள அதன் வேலை கூடுகிறது, ஆனால் மெதுவாகத்தான் கூடுகிறது. சாவியை இரண்டு மடங்கு நீட்டினாலும் பாதுகாப்பு இரண்டு மடங்கு நீளவில்லை. அதனால்தான் ஆர்.எஸ்.ஏ. சாவிகள் 512 பிட், 1024, 2048, 3072 என்று வீங்கிக்கொண்டே போயின.

புள்ளிகளைக் கூட்டும் கணக்கு

1985-ல் நீல் கோப்லிட்ஸ், விக்டர் மில்லர் என்ற இரு கணித அறிஞர்கள், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே யோசனைக்கு வந்தார்கள். எண்களுக்குப் பதில் ஒரு வளைவின் மேலுள்ள புள்ளிகளை வைத்துப் பூட்டுச் செய்தால் என்ன?

அந்த வளைவு y² = x³ + ax + b என்ற வடிவில் இருக்கும். அதன் சிறப்பு, மேலே உள்ள இரண்டு புள்ளிகளைக் ‘கூட்டி’ அதே வளைவில் மூன்றாவது புள்ளி ஒன்றைப் பெறலாம் என்பது. இரு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அது வளைவை இன்னோர் இடத்தில் வெட்டும். அந்த இடத்தை x அச்சுக்கு மறுபக்கம் பிரதிபலித்தால் கிடைப்பதுதான் கூட்டுத்தொகை. ஒரு புள்ளியை அதனோடேயே கூட்ட வேண்டுமானால், அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்து அதே வேலையைச் செய்யலாம். நேர்கோடு செங்குத்தாகப் போய் வளைவை வேறெங்கும் வெட்டாவிட்டால், விடையை ‘முடிவிலிப் புள்ளி’ என்று வைத்துக்கொள்கிறார்கள். சாதாரணக் கூட்டலில் பூஜ்யம் செய்யும் வேலையை இங்கே அது செய்கிறது.

கணினியில் கோடு எதுவும் வரைவதில்லை. எல்லா எண்களையும் ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, கோட்டின் சூத்திரத்தைப் போடுகிறது. ஓர் உதாரணம். வளைவு y² = x³ + 2x + 2; வகுக்கும் எண் 17; தொடக்கப் புள்ளி G = (5, 1). 5³ + 2·5 + 2 = 137; 17-ஆல் வகுத்தால் மீதி 1; y-ன் வர்க்கமும் 1. ஆகவே G வளைவின் மேல்தான் இருக்கிறது.

2G என்ன? தொடுகோட்டின் சாய்வு (3x² + 2) ÷ 2y, அதாவது 77 ÷ 2. 17-ன் மீதிக் கணக்கில் 77 என்பது 9. இரண்டால் வகுப்பது என்றால் 9-ஆல் பெருக்குவது; ஏனென்றால் 2 × 9 = 18, அதன் மீதி 1. எனவே சாய்வு 9 × 9 = 81, மீதி 13. புதிய x என்பது 13² − 5 − 5 = 159, மீதி 6. புதிய y என்பது 13 × (5 − 6) − 1 = −14, அதாவது 3. ஆக 2G = (6, 3). இப்படியே G-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனால்:

```
 G = (5,1)     2G = (6,3)    3G = (10,6)
4G = (3,1)     5G = (9,16)   6G = (16,13)
7G = (0,6)     8G = (13,7)   9G = (7,6)
```

19-ஆவது அடியில் முடிவிலிப் புள்ளிக்கு வந்து, மறுபடி G-யிலிருந்து சுற்று தொடங்கும். வரிசையைப் பார்த்தால் புள்ளிகள் எந்த ஒழுங்கும் இன்றி இங்குமங்கும் தாவுவது தெரியும். 8G-யும் 9G-யும் அடுத்தடுத்த எண்கள் என்பதற்கு அந்தப் புள்ளிகளில் எந்தத் தடயமும் இல்லை.

பூட்டு இதில்தான் இருக்கிறது. k என்ற ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு kG என்ற புள்ளியை மட்டும் வெளியிடுவேன். k பெரிதாக இருந்தாலும் kG-யைக் கணக்கிடுவது சுலபம். ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. G-ஐ இரட்டித்து 2G, அதை இரட்டித்து 4G, பிறகு 8G, 16G என்று தாவி, வேண்டியவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். k 256 பிட் நீளமானாலும் 255 இரட்டிப்புகளும் சராசரியாக 128 கூட்டல்களும்தான். ஆனால் kG-யைப் பார்த்து k என்னவென்று சொல்வதற்குக் குறுக்குவழி தெரியவில்லை.

இருவர் பொது ரகசியத்துக்கு வருவதும் எளிது. கயல் 3 என்ற எண்ணை ரகசியமாக எடுத்து 3G = (10, 6) என்பதை அனுப்புகிறாள். மணி 9-ஐ எடுத்து 9G = (7, 6) என்பதை அனுப்புகிறான். கயல் மணியின் புள்ளியை மூன்று முறை கூட்டுகிறாள். மணி கயலின் புள்ளியை ஒன்பது முறை கூட்டுகிறான். இருவருக்கும் கிடைப்பது 27G. 19-க்கு ஒரு சுற்று என்பதால் அது 8G, அதாவது (13, 7). ஒட்டுக்கேட்டவனிடம் (10, 6), (7, 6) இரண்டும் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று கூட்டினால் 12G வரும். 27G-க்கு அது உதவாது.

சல்லடையில் எதுவும் நிற்கவில்லை

இப்போது 1649-க்குத் திரும்புவோம். அங்கே 32-ஐயும் 200-ஐயும் 2, 5 என்ற சிறிய எண்களாக உடைத்ததில்தான் வேலை நடந்தது. (10, 6) என்ற புள்ளியை எதாக உடைப்பது? சிறிய புள்ளி என்று ஒன்று இங்கே கிடையாது. (0, 6)-ல் சின்ன எண்கள் இருக்கின்றன என்பதற்காக அது மற்ற புள்ளிகளைக் கட்ட உதவும் செங்கல் ஆகிவிடாது. பகா எண்ணுக்கு நிகரான பகாப் புள்ளியும் கிடையாது.

வேண்டுமானால் வேறொரு வழியைப் பார்க்கலாம். 1649-ன் மீதிக் கணக்கில் 32 என்பதைச் சாதாரண முழு எண்ணாக எடுத்துத்தானே உடைத்தோம்? அதுபோலப் புள்ளியையும் மீதி உலகத்திலிருந்து வெளியே எடுத்து, சாதாரணப் பின்னங்கள் உள்ள ஒரு வளைவில் வைத்து ஆராய முடியாதா? இதை மில்லர் தன் 1985 கட்டுரையிலேயே எடுத்துப் பேசி, பலன் தராது என்ற முடிவுக்கு வந்தார். காரணத்தை நாமே பார்க்கலாம். மீதி எதுவும் எடுக்காமல் y² = x³ − 2 என்ற வளைவை எடுத்துக்கொள்வோம். அதில் P = (3, 5) ஒரு புள்ளி. அதை இரட்டித்தால் x 129/100 ஆகிறது. மூன்று மடங்காக்கினால் 164323/29241. நான்கு, ஐந்து என்று போகப் போக எண்கள் வெடித்துப் பெருகுகின்றன. இலக்கங்களின் எண்ணிக்கை மடங்கின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. சிறிய எண்களால் ஆன புள்ளிகள் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. சல்லடை போட்டுச் சலிக்கலாம், ஆனால் அதில் நிற்க எதுவும் இல்லை.

மிஞ்சியிருப்பது மோதல்

அப்படியானால் தாக்குபவருக்கு என்ன வழி? இன்று இருப்பவற்றில் சிறந்தது, பிறந்தநாள் கணக்கின் மேல் நிற்கிறது. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 365 நாளுக்கு 365 பேர் தேவையில்லை. அந்த எண்ணின் வர்க்கமூலத்தைச் சற்றே தாண்டினாலே மோதல் வந்துவிடுகிறது.

நம் குட்டி வளைவில் Q = (16, 4) என்ற புள்ளி வெளியிடப்பட்டிருக்கிறது; Q = kG என்பது தெரியும், k தெரியாது என்று வைத்துக்கொள்வோம். தாக்குபவர் G-யையும் Q-வையும் விதவிதமான அளவில் கலந்து புள்ளிகளைக் கணக்கிட்டுக்கொண்டே போகிறார். ஒரு கட்டத்தில் 2G + 3Q போட்டபோதும் (10, 6) வருகிறது, 14G + 5Q போட்டபோதும் (10, 6) வருகிறது. இரண்டும் ஒரே இடம் என்பதால் 2Q = −12G. 19-ன் சுற்றில் −12 என்பது 7. ஆக 2k = 7. இங்கே 2-ஆல் வகுப்பது 10-ஆல் பெருக்குவது. 70-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி 13. ரகசியம் 13.

ஜான் பொல்லார்டு 1978-ல் வெளியிட்ட ‘ரோ’ முறை இதைத்தான் செய்கிறது. பார்த்த புள்ளிகளையெல்லாம் சேமித்து வைக்காமலேயே மோதலைக் கண்டுபிடிப்பது அதன் நேர்த்தி. ஆனால் அதற்கு வளைவின் உள்ளமைப்பைப் பற்றி எதுவும் தெரியாது. குருட்டாம்போக்கில் நடந்து, மோதலுக்குக் காத்திருக்கிறது. 256 பிட் வளைவில் சுமார் 2²⁵⁶ புள்ளிகள் உண்டு. அதன் வர்க்கமூலம் 2¹²⁸. அத்தனை அடிகள் நடந்தால்தான் மோதல்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நடந்த ஒரு கணக்கு இருக்கிறது. 2009-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள இ.பி.எஃப்.எல். ஆய்வாளர்கள் 200-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிகளை வரிசையாக அடுக்கி, 112 பிட் வளைவு ஒன்றின் ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். ஜனவரியில் தொடங்கி ஜூலையில் முடிந்தது. அங்கே நடக்க வேண்டியிருந்தது சுமார் 2⁵⁶ அடிகள். 256 பிட் வளைவுக்கு 2¹²⁸. வித்தியாசம் 2⁷² மடங்கு. 47 போட்டு 20 பூஜ்யங்கள் சேர்த்தால் அந்த எண் வரும். அந்த அரை ஆண்டை இத்தனை மடங்கு பெருக்கினால் வரும் காலத்துக்கு முன்னால், 1380 கோடி ஆண்டு வயதுள்ள பிரபஞ்சம் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

நிஸ்ட் அட்டவணையை இப்போது படித்தால் புரியும்:

| பலம் (பிட்) | எலிப்டிக் வளைவு | ஆர்.எஸ்.ஏ. |
|---|---|---|
| 80 | 160 | 1024 |
| 112 | 224 | 2048 |
| 128 | 256 | 3072 |
| 192 | 384 | 7680 |
| 256 | 512 | 15360 |

நடுப் பத்தி எப்போதும் பலத்தின் இரண்டு மடங்கு. வர்க்கமூலத் தாக்குதல் பாதி பிட்டுகளைத் தின்றுவிடுகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்கு மேல் அது எதையும் தின்னவில்லை. வலப்பத்தியில் சல்லடையின் பசி தெரிகிறது. பலத்தை 128-லிருந்து 256 ஆக்க வளைவின் சாவியை இரட்டித்தால் போதும், ஆர்.எஸ்.ஏ. சாவியை ஐந்து மடங்காக்க வேண்டும். சாவி நீண்டால் அதை வைத்துச் செய்யும் பெருக்கல்களும் கனக்கும். வங்கி அட்டையின் சிப், போன், நொடிக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறக்கும் சர்வர் ஆகியவற்றுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரேயொரு இடத்தில் ஆர்.எஸ்.ஏ. இன்னமும் முந்துகிறது: போட்ட கையெழுத்தைச் சரிபார்ப்பதில். அங்கே பொதுவாக 65537 என்ற சின்ன அடுக்கைப் பயன்படுத்துவதால் வேலை சீக்கிரம் முடிகிறது.

வளைவு எங்கே வழுக்கும்

குறுகிய சாவியின் பலம் எல்லா வளைவுக்கும் தானாக வந்துவிடாது. சில வளைவுகளில், புள்ளிகளின் புதிரைச் சாதாரண எண்களின் புதிராக மொழிபெயர்க்க முடியும் என்று மெனேசஸ், ஒகமோட்டோ, வான்ஸ்டோன் என்ற மூவர் 1990-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். எண்களின் உலகத்துக்கு வந்துவிட்டால் சிறிய பகா எண்கள் திரும்பக் கிடைத்துவிடும்; சல்லடையும் மறுபடி வேலை செய்யும். பிறகு, வளைவில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை வகுக்கும் பகா எண்ணுக்குச் சரிசமமாக இருந்தால் புதிர் நொடியில் அவிழ்ந்துவிடும் என்பதும் தெரியவந்தது. அதனால் யாரும் வளைவைத் தாமே கண்டபடி உருவாக்குவதில்லை. இந்தப் பலவீனங்கள் இல்லை என்று சோதிக்கப்பட்ட சில வளைவுகளையே உலகம் முழுக்கப் பகிர்ந்துகொள்கிறார்கள். நிஸ்டின் `P-256`, பிட்காயின் பயன்படுத்தும் `secp256k1`, டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த `Curve25519` ஆகியவை அவற்றுள் சில. கடைசியாகச் சொன்னதன் பெயரிலேயே அதன் பகா எண் இருக்கிறது: 2²⁵⁵ − 19.

கணக்கு சரியாக இருந்தும் பூட்டு திறந்த கதை ஒன்று உண்டு. 112 பிட் வளைவை உடைக்க உதவிய அதே பிளேஸ்டேஷன் 3-ஐப் பற்றியதுதான் அதுவும். அந்தக் கருவிக்கான மென்பொருளில் சோனி நிறுவனம் எலிப்டிக் வளைவு முறையில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு வந்தது. இந்த முறையில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக ஒரு ரகசிய எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும். சோனி எல்லாக் கையெழுத்துக்கும் ஒரே எண்ணையே பயன்படுத்தியது. ஒரு கையெழுத்து என்பது இரண்டு மறைந்த எண்கள் உள்ள ஒரு சமன்பாடு: நிரந்தரச் சாவி ஒன்று, குலுக்கிய எண் ஒன்று. குலுக்கிய எண் மாறாவிட்டால் இரண்டு கையெழுத்துகள் இரண்டு சமன்பாடுகளாகிவிடும். இரண்டு சமன்பாடு, தெரியாத எண் இரண்டு. எட்டாம் வகுப்பு மாணவர் விடை சொல்லிவிடுவார். 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் இது அரங்கேறியது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தத் தவறு சுலபமாகக் கண்ணில் படும். கையெழுத்தின் முதல் பாதி, குலுக்கிய எண்ணை G-யோடு பெருக்கினால் வரும் புள்ளியின் x. இரண்டு கையெழுத்துகளில் முதல் பாதி அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், எண் திரும்ப வந்திருக்கிறது என்று பொருள். பின்னாளில் பரவிய `Ed25519` கையெழுத்து முறை இந்த ஆபத்தை வேரிலேயே வெட்டிவிட்டது. அதில் எண்ணைக் குலுக்குவதே இல்லை. ரகசியச் சாவியையும் செய்தியையும் சேர்த்துக் கடைந்து அந்த எண் பிறக்கிறது. செய்தி மாறினால் எண்ணும் மாறிவிடும்.

குறுகிய சாவியின் எல்லை

256 பிட் வளைவை உடைக்க 2¹²⁸ அடிகள் வேண்டும் என்பதை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. நன்றாகத் தேர்ந்தெடுத்த வளைவுகளின் மேல் 1985 முதல் இன்றுவரை மோதலைவிட நல்ல தாக்குதல் கிடைக்கவில்லை என்பதே அதன் ஆதாரம். ஆர்.எஸ்.ஏ.வின் 925 இலக்கமும் அப்படித்தான்: நாளை இன்னும் நேர்த்தியான சல்லடை வந்தால் அதுவும் நீளும்.

ஒரு தாக்குதல் மட்டும் இரண்டையும் ஒருசேரச் சாய்த்துவிடும். போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி இருந்தால் பெரிய எண்களைப் பிரிக்கவும், kG-யிலிருந்து k-யைக் கண்டுபிடிக்கவும் முடியும் என்று 1994-ல் பீட்டர் ஷோர் காட்டினார். அந்த வழிமுறைக்குச் சல்லடையும் தேவையில்லை, மோதலும் தேவையில்லை. புள்ளிகள் எத்தனை அடிக்கு ஒருமுறை சுற்றித் திரும்புகின்றன என்ற தாளத்தையே அது நேரடியாகப் பிடிக்கிறது. அதன் செலவு சாவியின் நீளத்தைப் பொறுத்தது. எனவே இதுவரை ஆதாயமாக இருந்த குறுகிய நீளம் இங்கே பாதகமாக மாறுகிறது: 3072 பிட் ஆர்.எஸ்.ஏ.வை உடைக்கத் தேவைப்படுவதைவிடச் சிறிய குவாண்டம் கணினியே 256 பிட் வளைவுக்குப் போதும். அப்படியொரு கருவி இன்று இல்லை. ஆனால் இன்று ஓடும் செய்திகளைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கருவி வந்த பிறகு திறக்கலாமே என்பதுதான் பயம்.

அதற்கான மாற்றை நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரமாக அறிவித்தது. `ML-KEM` என்ற அந்த முறை, வளைவை விட்டுவிட்டு வேறொரு கணிதத்தின் மேல் நிற்கிறது. உலாவிகள் இப்போதே இணைப்பைத் தொடங்கும்போது அதையும் எலிப்டிக் வளைவையும் ஜோடியாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. இரண்டில் ஒன்று தப்பினாலும் ரகசியம் தப்பும் என்பது கணக்கு. அந்த ஜோடியில் வளைவின் பொதுச் சாவி 32 பைட். புதியவரின் பொதுச் சாவி 1184 பைட். 3072 பிட் ஆர்.எஸ்.ஏ. எண்ணுக்கே 384 பைட்தான் என்பதால், வளைவுகள் மிச்சப்படுத்திக் கொடுத்த இடத்தையெல்லாம், அதற்கு மேலும், புதிய பூட்டு திரும்ப எடுத்துக்கொள்கிறது.